மாலிக் அதை எழுதவில்லை

2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் ஆண்டாளைப் பற்றிக் கவிஞர் வைரமுத்து உரையாற்றினார். தினமணி அதை அச்சிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்தது. இவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கும் மம்சாபுரத்துக்கு அந்தக் கொந்தளிப்பு தெரியும். அது எந்தச் சான்றின் மேல் எழுந்தது என்பது மட்டும் தெரியாது. தெரியாததற்குக் காரணம் மக்கள் அல்லர்.

உரையில் ஆண்டாளைப் பற்றி ஒரு மேற்கோள் வந்தது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் வெளியிட்ட நூல் என்றும், அதன் ஆசிரியர் சுபாஷ் சந்திர மாலிக் என்றும் அதற்கு முகவரி சொல்லப்பட்டது. இரண்டும் தவறு.

அந்த நூல் சிம்லாவில் உள்ள இந்திய உயராய்வு நிறுவனம் 1978இல் வெளியிட்டது. இந்திய இயக்கங்களின் எதிர்ப்பு, சீர்திருத்தம் பற்றிப் பலர் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு. மாலிக் அதன் பதிப்பாசிரியர். தென்னிந்திய பக்தி இயக்கம் பற்றிய கட்டுரையை எழுதியவர்கள் எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும். இருவரும் கேரள வரலாற்றறிஞர்கள். இண்டியானாவுக்கு இதில் உள்ள பங்கு ஒன்றே ஒன்று: இணையத்தில் தேடினால் கிடைக்கும் மின்படி, அந்தப் பல்கலைக்கழக நூலகத்துப் படியிலிருந்து எடுக்கப்பட்டது. படியை வைத்திருந்தவரைப் பதிப்பாளர் ஆக்கினார்கள். தொகுத்தவரை எழுதியவர் ஆக்கினார்கள். எழுதியவர்களைக் காணாமல் போக்கினார்கள்.

இது சிறு பிழை அன்று. ஆண்டாளைப் பற்றிய கூற்று சரியா, தவறா என்று கேட்க வேண்டுமானால் முதலில் யாரைக் கேட்பது? மாலிக் தொல்லியலும் மானுடவியலும் படித்தவர். அந்தக் கூற்று அவருடையது அன்று. நாராயணன் சேரப் பெருமாள்களின் கல்வெட்டுகளில் உழைத்தவர். அவரும் வெளுத்தாட்டும் எந்தக் கல்வெட்டை, எந்த நூலைக் காட்டி அதை எழுதினார்கள் என்று பார்த்து மறுக்கலாம், ஏற்கலாம். அந்த வழியைத்தான் தவறான பெயர் அடைத்தது. ஊர் முழுக்கச் சண்டை நடந்தது. சான்றின் கதவு மட்டும் சாத்தியே கிடந்தது.

பின்னர் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. அது புண்பட்ட மனங்களுக்கு. இரண்டு ஆய்வாளர்களுக்கும் வாசகருக்கும் உரியது வேறு. இன்ன கட்டுரை, இன்னார் எழுதியது, இன்னார் பதிப்பித்த நூலில் உள்ளது, சிம்லா, 1978, பக்கம் இவ்வளவு. ஒரே ஒரு வரி. அதை முதல் நாளே அச்சிட்டிருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது கடினமா? இல்லை. தலைப்புப் பக்கத்தைத் திறந்தால் பதிப்பாசிரியர் என்று இருக்கும். பொருளடக்கத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கு அருகிலும் ஒரு பெயர் இருக்கும். இந்த இரண்டு பக்கங்களைப் பார்க்காதவர் அந்த நூலைப் பார்க்கவில்லை. தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்தத் தேடல் முடிவுக்கும் பொறுப்பாளிகள் உண்டு. நூலகப் பட்டியல் விதி தெளிவானது. பலர் எழுதிய தொகுப்புக்கு நூலின் பெயரே முதன்மைப் பதிவு. ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு இப்படித்தான் சொல்கிறது. அதுவும் வந்தது இதே 1978இல். கணினிப் பதிவில் ஆசிரியருக்கான 100 என்ற புலம் காலியாக இருக்க வேண்டும். பதிப்பாசிரியர் 700இல், பதிப்பாசிரியர் என்ற குறிப்போடு வர வேண்டும். கட்டுரைகளும் அவற்றை எழுதியவர்களும் 505இல் வர வேண்டும். நம் கல்லூரி நூலகங்களில் நடப்பது என்ன? ஒரு கட்டத்தில் ஒரு பெயர். நிரப்பினால் போதும். 505 எழுத நேரமில்லையாம். சங்க நூல்களுக்கே உ.வே.சாமிநாதையரை ஆசிரியர் என்று பதிந்தால், அந்தப் பதிவு யாருக்குப் பயன்? அவர் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தார். எழுதியதாக ஒருநாளும் சொல்லவில்லை.

ஆய்வேடுகளில் இதே நோய். நெறியாளர் கையெழுத்திடுகிறார். தேர்வாளர் படித்ததாகச் சொல்கிறார். அடிக்குறிப்பில் கட்டுரையாளர் இல்லை. தொகுத்தவர் மட்டும் இருக்கிறார். யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டியவர்கள் இவர்கள். பத்திரிகை ஆசிரியர்கள்: பிறர் நூலை மேற்கோள் காட்டும் கட்டுரை வந்தால், பொருளடக்கப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள், தராவிட்டால் அந்த வரியை நீக்குங்கள். பல்கலைக்கழகங்கள்: தொகுப்பு நூலைக் குறிக்கும் இடத்தில் கட்டுரையாளர் பெயர் இல்லாத ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புங்கள். நூலகர்கள்: 100இல் தவறாக ஏறிய பதிப்பாசிரியர்களை இறக்குங்கள், அலமாரியில் உள்ள தொகுப்பு நூல்களிலிருந்து தொடங்குங்கள். ராஜபாளையம் உரையை மறுபடி அச்சிடும் எவரும் அந்த மேற்கோளைத் திருத்தாமல் அச்சிடக் கூடாது. நாராயணன், வெளுத்தாட் என்ற இரண்டு பெயர்களும் அங்கே இருந்தாக வேண்டும்.