403 என்பது பலபொருள் ஒருசொல்: ஒதுக்கீட்டின்மேல் பழி போடும் ஆய்வாளர்களுக்கு

இணையத்திலிருந்து தரவு திரட்டும் மொழியியல் மாணவர்களிடையே ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. நிரல் 403 என்று திரும்பினால், அடுத்த நொடியே "கோட்டா தீர்ந்துவிட்டது" என்கிறார்கள். ஒரே வடிவத்துக்குப் பல பொருள் இருக்கலாம், சூழலே பொருளைத் தீர்மானிக்கும் என்று வகுப்பில் படிக்கும் நாமே, திரையில் தோன்றும் ஓர் எண்ணைச் சூழலின்றிப் படிக்கிறோம்.

தமிழ்-ஆங்கில மொழிக்கலப்பை ஆராய யூடியூப் பின்னூட்டங்களைத் திரட்டும் ஒரு மாணவியை எண்ணிப்பாருங்கள். யூடியூப் டேட்டா ஏபிஐ ஒரு திட்டத்துக்கு இயல்பாகத் தரும் ஒதுக்கீடு நாளொன்றுக்கு 10,000 அலகுகள். நூறு பின்னூட்டங்கள்வரை தரும் `commentThreads.list` அழைப்புக்கு ஆகும் செலவு ஓர் அலகு மட்டுமே. அவர் கையாளுவதோ, துறையின் இணையதளத்தில் காணொளிப் பட்டியலைக் காட்டுவதற்காக முன்பு உருவாக்கப்பட்ட திறவுகோல். கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஒதுக்கீடு ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. ஆயினும் ஆய்வகக் கணினியில் பைத்தான் நிரலை ஓட்டியதும் முதல் அழைப்பே மறுக்கப்படுகிறது. விடையின் முக்கியப் பகுதி இது:

```json
"code": 403,
"message": "Requests from referer <empty> are blocked.",
"reason": "API_KEY_HTTP_REFERRER_BLOCKED"
```

காரணம் வெளிப்படை. அந்தத் திறவுகோல் குறிப்பிட்ட இணையதளத்திலிருந்து வரும் அழைப்புகளுக்கு மட்டுமே திறக்கும். உலாவி தான் நிற்கும் பக்கத்தின் முகவரியை `Referer` என்னும் தலைப்பில் அனுப்புகிறது. பைத்தான் நிரல் தானாக அப்படி எதையும் அனுப்புவதில்லை. ஆகவே அந்த இடம் வெறுமையாக நிற்கிறது, வாயில் மூடப்படுகிறது. எவ்வளவு அழைக்கலாம் என்பது ஒதுக்கீடு. எங்கிருந்து, எந்தச் சேவையை அழைக்கலாம் என்பது திறவுகோலின் கட்டுப்பாடு. இரண்டும் வெவ்வேறு வாயில்கள். ஒன்று திறந்திருப்பது மற்றொன்றுக்குச் சான்றாகாது.

சேவையை வடிவமைத்தோர்மேலும் குற்றம் உண்டு. ஒதுக்கீடு தீர்ந்தால் `quotaExceeded`, காணொளியில் பின்னூட்டம் முடக்கப்பட்டிருந்தால் `commentsDisabled`, திறவுகோல் தடுக்கப்பட்டால் மேற்கண்ட செய்தி; மூன்றுக்கும் எண் 403 தான். ஆனால் `reason` என்ற சொல் ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிடுகிறது. அதைப் படிக்காதது நம் சோம்பல்.

இதை நிரலாக்கச் சில்லறை என்று ஒதுக்குவோர் அடுத்ததைக் கவனிக்க வேண்டும். பல ஆய்வு நிரல்கள், 403 வந்தால் "பின்னூட்டம் முடக்கப்பட்டது" என்று குறித்துக்கொண்டு அடுத்த காணொளிக்குத் தாவும்படி எழுதப்படுகின்றன. திறவுகோல் ஓர் ஐபி முகவரிக்குக் கட்டுப்பட்டது என்றும், 300 காணொளிகளில் 140 முடிந்தபோது இணைப்பு அறுந்து புதிய முகவரி கிடைத்தது என்றும் கொள்வோம். எஞ்சிய 160 காணொளிகளும் பின்னூட்டமற்றவையாகப் பதிவாகும். நிரல் பிழையின்றி முடியும். தரவகம் பாதியாகும். அதன்மேல் கட்டிய விழுக்காடுகள் ஆய்வேட்டில் ஏறும். கண்டறிய வழி உண்டு: உண்மையில் முடக்கப்பட்டவை பட்டியலில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும், தடுக்கப்பட்டவையோ ஒரு நேரத்துக்குப் பின் ஒன்றுவிடாமல் தொடராக நிற்கும்.

இதற்கு வழங்கப்படும் இரு அறிவுரைகளும் தீயவை. கட்டுப்பாடுகளை முற்றும் நீக்கிவிடு என்பது ஒன்று. அந்த இணையதளத் திறவுகோல் பக்கத்தின் மூலநிரலிலேயே எவர் கண்ணுக்கும் தெரியும். கட்டுப்பாட்டை நீக்கினால் யாரும் அதை எடுத்து ஒதுக்கீட்டைத் தின்னலாம். புதிய திட்டம் தொடங்கு என்பது மற்றொன்று. இல்லாத பற்றாக்குறைக்கு மருந்து தேடுவது அது. ஒதுக்கீட்டைப் பெருக்கத் திட்டங்களைப் பிரிப்பது அச்சேவையின் விதிகளுக்கும் முரண்.

செய்ய வேண்டியது எளிது. அதே திட்டத்தில் ஆய்வகத்துக்கென இரண்டாவது திறவுகோல் உருவாக்குங்கள். அதை ஆய்வகத்தின் பொது ஐபி முகவரிக்கும், யூடியூப் டேட்டா ஏபிஐ என்ற ஒரே சேவைக்கும் கட்டுங்கள். மாற்றம் நடைமுறைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் மறுபடி 403 வந்தால் பதற வேண்டாம். ஒதுக்கீடு திட்டத்துக்கு உரியது, திறவுகோலுக்கு அன்று. ஆதலால் புதிய திறவுகோலால் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நிரலில் `commentsDisabled` என்ற காரணத்துக்கு மட்டும் தாவச் சொல்லுங்கள். மற்ற எல்லா 403-க்கும் நிரல் நின்றுவிடட்டும்.

நெறியாளர்களிடம் ஒரு கோரிக்கை. தரவுத் திரட்டல் இயலில் எத்தனை காணொளிகள் விடுபட்டன என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொன்றும் எந்த `reason` காரணமாக விடுபட்டது என்ற பதிவையும் கேளுங்கள். அப்பதிவைக் காட்ட இயலாத தரவகத்தில், பேசுவோர் மௌனமாக இருந்தார்களா, நம் திறவுகோல் பூட்டிக்கொண்டதா என்று எவராலும் சொல்ல முடியாது.