ரெண்டே ரிவ்யூ, ஐந்து ஸ்டார்... முதலிடம் கொடுக்கலாமா?

டெஸ்ட் கிரிக்கெட்டில் யாருடைய சராசரி பெரியது என்று கேட்டால், ரசிகர்கள் யோசிக்காமல் சொல்லும் பதில் டான் பிராட்மேன், 99.94. ஆனால், அவரைவிட அதிக சராசரி வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி கேன்டோம். 1948-ல் இங்கிலாந்துக்கு எதிராக போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நடந்த டெஸ்ட்டில் 112 ரன் எடுத்தார். அதன் பிறகு இன்னொரு டெஸ்ட் ஆடும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரே இன்னிங்ஸ், சராசரி 112.

அதற்காக அவரை பிராட்மேனுக்கு மேலே யாரும் வைப்பதில்லை. 80 இன்னிங்ஸ் ஆடி வந்த சராசரியும், ஒரே இன்னிங்ஸில் வந்த சராசரியும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதே விஷயம் மொபைலில் பொருள் வாங்கும்போது மட்டும் மறந்துபோகிறது. குக்கர் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒன்றுக்கு 5.0 ஸ்டார், பக்கத்தில் 2 ரிவ்யூ என்று இருக்கிறது. இன்னொன்றுக்கு 4.4 ஸ்டார், 400 ரிவ்யூ. வெறும் சராசரியை வைத்து வரிசைப்படுத்தினால் முதல் குக்கர்தான் உச்சியில் நிற்கும். அந்த இரண்டு பேர் யார்? உண்மையிலேயே வாங்கிச் சமைத்து மகிழ்ந்தவர்களாக இருக்கலாம். விற்பவரின் மச்சானும் பக்கத்து வீட்டுக்காரருமாகவும் இருக்கலாம். 5.0 என்பது பொய்யில்லை. ஆனால், எத்தனை பேரைக் கேட்டு வந்த எண் என்பதை அது சொல்வதில்லை.

கற்பனை வாடிக்கையாளர்கள் 20 பேர்

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. 'குறைந்தது 20 ரிவ்யூ இருந்தால்தான் பட்டியலில் இடம்' என்று எல்லை போட்டுவிடலாம். கிரிக்கெட் புள்ளிவிவரப் பட்டியல்கள் இப்படித்தான் செய்கின்றன. ஆனால், 19 ரிவ்யூ வாங்கிய நல்ல குக்கர் கண்ணிலேயே படாது. இருபதாவது ரிவ்யூ வந்த நிமிடத்தில் திடீரென்று உச்சிக்கு வந்துவிடும். ஒரே ஒரு ரிவ்யூவுக்கு இவ்வளவு பெரிய வித்தியாசம் நியாயமில்லை.

இதைவிட நல்ல வழியை, புள்ளியியலில் பேயிசியன் சராசரி என்கிறார்கள். 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் பெயரில் வழங்கும் சிந்தனை இது. ஒரு பொருளைப் பற்றி எதுவுமே தெரியாதபோது, அதுவும் மற்றவற்றைப் போலத்தான் இருக்கும் என்று முதலில் வைத்துக்கொள்வது. பிறகு, தகவல் வர வர அந்த எண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்வது.

கணக்கில் இதை எப்படிக் கொண்டுவருவது? நம் தளத்தில் விற்கும் குக்கர்களின் பொதுச் சராசரி 4.0 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குக்கருக்கும், அது கடைக்கு வந்த முதல் நாளிலேயே, 20 கற்பனை வாடிக்கையாளர்கள் ஆளுக்கு 4 ஸ்டார் கொடுத்துவிட்டதாக எழுதிக்கொள்கிறார்கள். 20 பேர், மொத்தம் 80 ஸ்டார். உண்மையான ரிவ்யூக்கள் இதன் மேல் வந்து சேரும்.

முதல் குக்கரைப் பாருங்கள். உண்மையான ஸ்டார் 10, கற்பனை ஸ்டார் 80, மொத்தம் 90. அதை 22 பேரால் வகுத்தால் 4.09. இரண்டாவது குக்கருக்கு உண்மையான ஸ்டார் 1,760. அதோடு 80 சேர்த்தால் 1,840. அதை 420 பேரால் வகுத்தால் 4.38. இப்போது வரிசை மாறிவிட்டது. இரண்டே பேர் சொன்ன 5.0, பொதுச் சராசரிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. 400 பேர் சொன்ன 4.4 கிட்டத்தட்ட அசையவே இல்லை.

இது புதிய பொருளை அமுக்கும் தந்திரம் என்று தோன்றலாம். எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். புதிதாக வந்த ஒரு குக்கருக்கு முதல் இரண்டு பேரும் கோபத்தில் 1 ஸ்டார் போட்டுவிட்டார்கள். பார்சல் தாமதமாக வந்தது என்பதுதான் காரணம். வெறும் சராசரி 1.0. அதோடு அந்தச் சிறு விற்பனையாளரின் கதை முடிந்துபோகும். கற்பனை வாடிக்கையாளர்களோடு சேர்த்துக் கணக்கிட்டால் 82-ஐ 22-ஆல் வகுத்து 3.73. கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அவசரப் புகழ்ச்சியைப் போலவே அவசரத் தண்டனையையும் இந்தக் கணக்கு தடுக்கிறது.

சினிமா பட்டியலில் 25,000 ஓட்டு

இதை வெளிப்படையாகச் சொல்லிச் செய்த பிரபலமான தளம் ஐஎம்டிபி. உலகின் சிறந்த 250 படங்கள் என்று அது வெளியிடும் பட்டியலுக்கான சூத்திரத்தைப் பல ஆண்டுகள் தளத்திலேயே போட்டிருந்தது.

```
WR = (v ÷ (v+m)) × R + (m ÷ (v+m)) × C
```

பார்க்கப் பயமாக இருந்தாலும் இது நம் குக்கர் கணக்கேதான். R என்பது படத்துக்கு ரசிகர்கள் கொடுத்த சராசரி. v என்பது ஓட்டு எண்ணிக்கை. C என்பது பொதுச் சராசரி. m என்பது கற்பனை ஓட்டுகளின் எண்ணிக்கை. ஐஎம்டிபி-யில் இந்த m ஒரு காலத்தில் 3,000. பிறகு 25,000 ஆக உயர்த்தினார்கள். C பத்துக்கு சுமார் 7.

25,000 பேர் ஓட்டுப் போட்டு 9.0 வாங்கிய படத்தை எடுத்துக்கொள்வோம். உண்மையான ஓட்டும் கற்பனை ஓட்டும் சமம். அதனால் மதிப்பெண் 9-க்கும் 7-க்கும் சரியாக நடுவில், 8.0-ல் நிற்கும். 5 லட்சம் பேர் ஓட்டுப் போட்டு 8.5 வாங்கிய படம் 8.43-ல் நிற்கும். அதாவது, 9.0 வாங்கிய படத்தை 8.5 வாங்கிய படம் முந்திவிடும். ரிலீஸான வாரத்திலேயே தீவிர ரசிகர்கள் பத்துக்குப் பத்து போட்டுக் குவித்தாலும், பட்டியலின் உச்சியைத் தொடுவது சுலபமில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

20-ஆ, 50-ஆ?

இந்தக் கணக்கில் இரண்டு எண்களைத் தளம்தான் முடிவு செய்கிறது. ஒன்று பொதுச் சராசரி. ஐந்து ஸ்டாரில் நடு எண் 3 என்பதால் அதையே வைத்துவிடக் கூடாது. ஆன்லைனில் பொருள் வாங்குபவர்கள் திருப்தியாக இருந்தாலே 4 அல்லது 5 போட்டுவிடுகிறார்கள். அங்கே 3 என்று வைத்தால் புதிதாக வரும் எல்லாப் பொருளும் காரணமே இல்லாமல் கீழே போய்விடும். அதனால் அந்தந்தப் பொருள் வகையின் உண்மையான சராசரியைத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, கற்பனை வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒரு விற்பனையாளர் உறவினர், நண்பர் என்று 10 பேரைப் பிடித்து 5 ஸ்டார் போட வைக்கிறார். 20 கற்பனை ஓட்டோடு கணக்கிட்டால் அவருக்கு 4.33. 400 ரிவ்யூ வாங்கிய குக்கரின் 4.38-ஐத் தாண்ட முடியவில்லை. 20 பேரைப் பிடித்தால் 4.5 வந்துவிடும். தாண்டிவிடுவார். தளம் உஷாராகி, கற்பனை ஓட்டை 50 ஆக உயர்த்துகிறது. இப்போது அதே 20 பொய் ரிவ்யூவுக்கு 4.29-தான் கிடைக்கும். பழைய குக்கர் 4.36-ல் முன்னால் நிற்கும்.

தளம் ஜெயித்துவிட்டது. ஆனால், இதற்கு விலை கொடுப்பது யார் தெரியுமா? நேர்மையாக நல்ல குக்கர் விற்கும் புதியவர். அவருடைய பொருளுக்கு உண்மையிலேயே 4.7 தகுதி உண்டு, வாங்குபவர்களும் அப்படித்தான் மதிப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை ஓட்டு 20 என்றால், 24 ரிவ்யூ வந்ததும் அவர் முன்னால் வந்துவிடுவார். 50 என்றால் 52 ரிவ்யூ வரை காத்திருக்க வேண்டும். பட்டியலில் கீழே கிடக்கும் பொருளை வாங்குபவர்களே குறைவு. வாங்கியவர்களிலும் ரிவ்யூ எழுதுபவர்கள் சிலர்தான். அந்த 28 ரிவ்யூ கூடுதலாகச் சேருவதற்குள் முதலீடு தீர்ந்து கடையை மூடியவராகவும் அவர் இருக்கலாம். எண்ணைக் குறைத்தால் ஏமாற்றுக்காரருக்கு வசதி, கூட்டினால் புதியவருக்குக் கஷ்டம். எல்லோருக்கும் பொருந்தும் ஒரு எண் இல்லை.

கணக்குக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. 20 ரிவ்யூ என்பது 20 பேரின் தனித்தனிக் கருத்தா, ஒரே ஆள் 20 போனில் இருந்து போட்டதா என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. மாஸ்டர் மாறிவிட்ட ஹோட்டலுக்குப் பழைய ஆயிரம் ரிவ்யூவும் அப்படியே கூட வரும். அதனால்தான் தளங்கள் இதோடு நிறுத்திக்கொள்வதில்லை. 250 படப் பட்டியலுக்குத் தொடர்ந்து ஓட்டுப் போடுபவர்களின் ஓட்டுகளை மட்டுமே எடுப்பதாகச் சொல்கிறது ஐஎம்டிபி. ஸ்டாரை நேரடிச் சராசரியாகக் கணக்கிடுவதில்லை என்கிறது அமேசான். ரிவ்யூ எவ்வளவு புதியது, பொருளை வாங்கியவரே எழுதியதா என்பதையும் பார்ப்பதாக அது தெரிவிக்கிறது.

உங்கள் போனிலேயே பார்க்கலாம்

திரையில் தெரியும் ஸ்டாரும், வரிசையைத் தீர்மானிக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ரேட்டிங் வாரியாக வரிசைப்படுத்தச் சொல்லிப் பாருங்கள். சில ரிவ்யூ மட்டுமே வாங்கிய 5.0 பொருட்கள் மேலே குவிந்திருந்தால், அங்கே நடப்பது வெறும் சராசரிக் கணக்குதான். நிறைய ரிவ்யூ வாங்கிய 4.5, கொஞ்சம் ரிவ்யூ வாங்கிய 5.0-க்கு மேலே இருந்தால், திரைக்குப் பின்னால் ஏதோ ஒரு திருத்தம் நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

திருத்தம் நடக்காத இடத்தில் அதை நீங்களே செய்துகொள்ளலாம், கால்குலேட்டர்கூட வேண்டாம். 20 கற்பனை ஓட்டு, ஆளுக்கு 4 ஸ்டார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான ரிவ்யூவும் 20 என்றால், திரையில் இருக்கும் எண்ணுக்கும் 4-க்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் எண். 4.8 என்று போட்டிருந்தால் 4.4 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ரிவ்யூ என்றால் அது எந்த ஸ்டாராக இருந்தாலும் 4-க்குப் பக்கம்தான். நூற்றுக்கணக்கில் இருந்தால் திரையில் இருப்பதையே அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகும் இரண்டு குக்கரும் சமமாக வந்தால், ஸ்டாரை விட்டுவிட்டு, குறைந்த ஸ்டார் போட்டவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். பார்சல் தாமதம் என்றால் கடந்துபோகலாம். கேஸ்கெட் கசிகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.