'அனுப்பலாம்' என்றால் யார் அனுப்புவது?

மூலத்தில் இல்லாத எழுவாயை மொழிபெயர்ப்பாளர் சேர்க்கக் கூடாது என்ற ஒரு கொள்கை நம்மிடையே வேதவாக்காகிவிட்டது. கவிதைக்கு அது பொருந்தலாம். ஆய்வுத் திட்டக் கூட்டக் குறிப்பை ஆங்கிலமாக்கும்போது அதைக் கடைப்பிடிப்பது அநியாயம் என்பேன்.

ஹைதராபாத்தில் நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில் கூட்டங்கள் தமிழில் நடக்கும். குறிப்பு ஆங்கிலத்தில் மேலே போகும். ஒருமுறை தமிழ்க் குறிப்பில் இருந்த வரி இது: 'களப் பதிவுகளை எழுத்தாக்கி அடுத்த கூட்டத்திற்குள் அனுப்பலாம் என்று முடிவு செய்யப்பட்டது.' ஆங்கிலத்தில் அது 'மே பி சென்ட்' என்று முடிந்தது.

நம் '-லாம்' அனுமதியையும் குறிக்கும், சாத்தியத்தையும் குறிக்கும். 'வா, போகலாம்' என்னும்போது சேர்ந்து எடுத்த தீர்மானத்தையும் குறிக்கும். அருகிலேயே 'முடிவு செய்யப்பட்டது' என்று இருப்பதால் இங்கே மூன்றாவது பொருளே உரியது. 'மே' அதைத் தாங்காது. கட்டாயப் பணி ஒரே சொல்லில் விருப்பப் பணியாகிவிட்டது.

அதைவிடப் பெரிய இழப்பு ஆளை இழந்தது. கூட்டத்தில் இரு ஆய்வு மாணவர்கள் 'நாங்கள் எழுத்தாக்கிவிடுகிறோம்' என்றனர். 'நாங்கள்' கேட்போரை விலக்கும்; 'நாம்' சேர்த்துக்கொள்ளும். வினைமுற்றின் '-ஓம்' இரண்டுக்கும் பொது. குறிப்பெடுத்தவர் அந்த வினைமுற்றையும் விட்டுச் செயப்பாட்டுவினைக்கு மாறினார். அறையில் இருந்தவர்களுக்கு அது குழப்பமில்லை. ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கோ யாருமே இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பணி நடக்கவில்லை என்றபோது, பதிவு செய்த களப்பணியாளரையே கேள்வி கேட்டார்கள். அவருக்கு அந்த ஆங்கிலக் குறிப்பைப் படித்து மறுக்கும் வசதியும் இல்லை.

ஆகவே மொழிபெயர்க்கும் முன் ஒவ்வொரு முடிவுக்கும் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று கேட்க வேண்டும். விடை குறிப்பில் இல்லையெனில் கூட்டத்தில் இருந்தவரிடம் அன்றே கேட்க வேண்டும். நினைவு இரண்டு நாளில் மங்கிவிடும். ஊகித்து நிரப்புவது விடுபடுதலைவிட மோசம். பெயர் வந்ததும் அதை எழுவாயாக வைத்துச் செய்வினையில் எழுதி, அந்த வாக்கியத்தைப் பெயருக்குரியவரிடம் தமிழில் படித்துக் காட்ட வேண்டும்.

'சிலவற்றை வேண்டுமென்றே மழுப்புகிறார்கள்; மொழிபெயர்ப்பாளர் ஏன் தலையிட வேண்டும்?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பேராசிரியர் பெயரை எழுத நம் கை கூசும் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் 'பொறுப்பாளர் முடிவாகவில்லை' என்று ஆங்கிலத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். மழுப்பலை மழுப்பலாகவே காட்டுவதும் மூலத்துக்கு உண்மையாக இருப்பதுதானே?

அந்த வரியை இன்று நான் இப்படி ஆங்கிலமாக்குவேன்: இன்ன மாணவர், இன்ன மாணவர் இருவரும் களப் பதிவுகளை எழுத்தாக்கி, மார்ச் 14க்குள் திட்டத் தலைவருக்கு அனுப்புவார்கள்.