மானியத்துக்கு முன்பணம் எதற்கு?

"மானியம்னா நாமளும் முதல்ல கொஞ்சம் கட்டத்தானுங்க வேணும்." கொங்கு நாட்டில் கணக்கு வழக்குத் தெரிந்தவர்களும் இதை நம்புகிறார்கள். மொட்டை மாடி சோலாருக்கு ஆள் பிடிக்க வாசலில் வந்து நிற்கும் மோசடிக்காரர்களுக்கு இந்த நம்பிக்கைதான் மூலதனம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிரதமர் படம் போட்ட நோட்டீஸ். "78,000 ரூபாய் மானியமுங்க. கோட்டா இன்னைக்கோட முடியுது. 5,000 ரொக்கமாக் குடுத்தாப் பேரைப் பதிஞ்சுடலாம்" என்பார்கள்.

இதில் 78,000 மட்டும் உண்மை. அதனால்தான் மற்றதும் உண்மைபோலக் காதில் விழுகிறது.

2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம். 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் 78,000-தான். இது வரும் வரிசையைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரர் pmsuryaghar.gov.in தளத்தில் தன் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிகிறார். அதற்குக் கட்டணம் இல்லை. பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அங்கேயே இருக்கிறது. அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போடுகிறார். தகடுகள் மாடியேறுகின்றன. மின்வாரியம் வந்து பார்த்து, நெட் மீட்டர் பொருத்தி, இயக்கச் சான்று தருகிறது. அதற்கும் பிறகுதான் வங்கிக் கணக்கு விவரத்தையே தளம் கேட்கிறது. சொந்தமாக வாங்கிப் பொருத்தியவரின் கணக்குக்கே மானியம் நேராக வருகிறது.

ஆக, மானியம் கடைசியில் வருவது. கம்பியே இழுக்காத வீட்டுக்கு அதை 5,000 ரூபாயில் பிடித்து வைக்க யாராலும் முடியாது. திட்டமே 2026-27 நிதியாண்டு வரைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. "இன்னைக்கோட முடியுது" என்பது அவசரப்படுத்துவதற்கான பொய்.

"நல்ல கம்பெனிக்காரனும் அட்வான்ஸ் வாங்குறானே?" என்று கேட்பார்கள். வாங்குகிறான், அது சாமானின் விலையில் ஒரு பங்கு. ஒப்பந்தம் எழுதிய பிறகு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தி ரசீது வாங்கும் பணம் அது. மானியத்தைப் 'பதிய' வாசலில் எண்ணிக் கொடுக்கும் ரொக்கமும் அதுவும் ஒன்றல்ல. "அமைச்சகமே அனுப்பிய ஆள்" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். தன் அங்கீகாரம் பெற்றதாகச் சொல்லிக்கொண்டு நிறுவனங்கள் மக்களை அணுகியபோது, அப்படி யாரையும் அங்கீகரிக்கவில்லை என்று மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் இதற்கு முந்தைய திட்டத்தின்போதே எச்சரித்தது.

பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம்தான் இந்தப் பேச்சு எளிதில் எடுபடுகிறது. கொடுத்த பணம் போனது ஒருபுறம் இருக்க, ஏமாந்ததை மகனிடம் சொல்லக் கூசி அவர்கள் மறைக்கும் வேதனை பெரிது. அந்த வெட்கம் ஏமாற்றியவனுக்கு வரவேண்டியது.

யார் வந்தாலும் நிறுவனத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். தளத்தின் பட்டியலில் தேடுங்கள், அல்லது 15555-ல் கேளுங்கள். ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே ஜிபே மாதிரி வழியில் பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த நோட்டீஸோடு காவல் நிலையத்துக்குப் போங்கள்.