"பலவீனமானது" என்று எழுதப்பட்ட கட்டம்

மடவளையில் உயர்தர அரசறிவியல் படிக்கும் எந்தப் பிள்ளையின் போனைத் திறந்தாலும் அந்த ஸ்லைட் இருக்கும். இரண்டு கட்டங்கள். இடப்பக்கம் எளிய பெரும்பான்மை முறை: உறுதியான அரசாங்கம், தெளிவான முடிவு, தொகுதிக்கு ஒரு உறுப்பினர். வலப்பக்கம் விகிதாசார முறை: சிறுபான்மைக்குப் பிரதிநிதித்துவம், பலவீனமான அரசாங்கம், தொங்கு பாராளுமன்றம். அதற்குப் பத்து ஸ்லைடுக்கு முன்னால் மொன்டெஸ்கியூவின் படமும் மூன்று வட்டங்களும் வந்திருக்கும்: சட்டத்துறை, நிர்வாகத்துறை, நீதித்துறை. அது வலுவேறாக்கம், வேறு அலகு, வேறு வினா. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

பரீட்சைக்கு இது போதும். ஆனால் வகுப்பைவிட்டு வெளியே வந்த பிறகும் அந்த இரண்டு கட்டங்களும் நம் தலையிலேயே இருந்துவிடுகின்றன. தேநீர்க் கடையிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் மேடையிலும் ஒரே பேச்சுத்தான்: விகிதாசாரம் வந்துதான் நாடு கெட்டது, பலமான அரசாங்கம் இல்லாமல் போனது, தொங்கு பாராளுமன்றம் நாட்டுக்குச் சாபம். இலங்கையின் அனுபவம் இதில் ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லையும் பொய்யாக்கியிருக்கிறது.

முதலில் இடப்பக்கக் கட்டம். 1970இல் ஐக்கிய முன்னணி பாதிக்குச் சற்றுக் குறைவான வாக்குகளோடு 151 ஆசனங்களில் 116ஐ எடுத்தது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி பாதியைச் சற்றே தாண்டி 168இல் 140ஐ அள்ளியது. ஏறத்தாழ முப்பது வீதம் வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தது 8 ஆசனம். அதனால்தான் 18 ஆசனங்களோடு வந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். இரண்டு வெற்றிக்குப் பின்னும் இரண்டு ஆண்டுக்குள் ஒரு புதிய அரசியலமைப்பு வந்தது: 1972இல் ஒன்று, 1978இல் ஒன்று. உறுதியான அரசாங்கம் என்று ஸ்லைட் சொல்வது இதைத்தான்.

ஜே.ஆர். ஜயவர்தன 1978இல் விகிதாசாரத்தைக் கொண்டுவந்தபோது, இனி ஒரு கட்சி தனியாக மூன்றில் இரண்டை எடுத்து அரசியலமைப்பை மாற்ற முடியாது என்பதே அதன் பயனாகப் பேசப்பட்டது. அதைக் கொண்டுவந்தவரோ தன் காலத்தில் அதன்படி ஒரு பாராளுமன்றத் தேர்தலையும் நடத்தவில்லை. 1982 டிசம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு ஒன்றை வைத்து, 1977இல் கிடைத்த அதே பாராளுமன்றத்தை 1988 இறுதி வரை இழுத்துக்கொண்டு போனார். திகதியிடாத இராஜினாமாக் கடிதங்கள் அவர் கையில் இருந்தன. சட்டத்துறை நிர்வாகத்துறையைக் கட்டுப்படுத்தும் என்று எழுதிய வட்டத்துக்குள் இந்தக் கடிதங்களை எங்கே வைப்பது என்று எந்த ஸ்லைடும் சொல்வதில்லை.

இனி வலப்பக்கம். விகிதாசாரம் பலவீனமான அரசாங்கத்தைத் தரும் என்றால் 2010ஐ என்ன செய்வது? வென்ற கூட்டணிக்கு அறுபது வீதத்தோடு 225இல் 144. 2020இல் ஐம்பத்தொன்பது வீதத்தோடு 145. 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு 61.56 வீதத்தோடு 159. மூன்றில் இரண்டு என்பது 150. முதல் இரண்டு முறையும் வாசலில் நின்றது, மூன்றாம் முறை வாசலைத் தாண்டியது.

இதைச் சொன்னதும் "அது போனஸ் ஆசனத்தின் வேலை" என்று ஒரு பதில் தயாராக வரும். நமது கண்டி மாவட்டத்தின் 2024 கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தப் பதிலும் நிற்காது. மாவட்டத்துக்கு 12 ஆசனம். ஐந்து வீதத்துக்குக் குறைவாக எடுத்த கட்சிகளின் வாக்குகள் முதலில் கழிந்துவிடும். மிஞ்சியவை மூன்று: தேசிய மக்கள் சக்தி 500,596, ஐக்கிய மக்கள் சக்தி 145,939, புதிய ஜனநாயக முன்னணி 50,889. கூட்டினால் 697,424. முதலிடக் கட்சிக்கு ஒரு போனஸ் போக மிச்சம் 11 ஆசனம். அந்த 11ஆல் வகுத்து, மிச்சம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்த வேண்டும். ஒரு ஆசனத்தின் விலை 63,403 வாக்கு.

அந்த விலையில் தேசிய மக்கள் சக்திக்கு 7, ஐக்கிய மக்கள் சக்திக்கு 2, மூன்றாவது கட்சிக்கு ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு ஆசனம் கிடக்கிறது. அவை யாருக்கு அதிக எச்சம் இருக்கிறதோ அவருக்குப் போகும். தேசிய மக்கள் சக்தியின் எச்சம் 56,775, புதிய ஜனநாயக முன்னணியின் முழு வாக்கும் எச்சமாகவே 50,889, ஐக்கிய மக்கள் சக்தியிடம் 19,133. ஆகவே முதல் இருவருக்கும் ஒவ்வொன்று. போனஸையும் சேர்த்தால் 9, 2, 1. தேர்தல் ஆணைக்குழு அறிவித்ததும் அதுவே.

இப்போது போனஸை எடுத்துவிட்டு 12 ஆசனத்தையும் வாக்கின்படியே பங்கிடுவோம். ஒரு ஆசனத்தின் விலை 58,119 ஆகும். நேராக 8, 2, 0. எச்சத்தில் 50,889 முதலில், 35,644 அடுத்து. முடிவு 9, 2, 1. ஒரு ஆசனமும் நகரவில்லை. கண்டியில் போனஸ் ஒரு பொருட்டே இல்லை. ஐந்து வீத வெட்டுப்புள்ளி சிறிய கட்சிகளைக் கழித்துவிட்டது, மீந்த வாக்கில் பெரிய கட்சியின் பங்கு 71.8 வீதமாக ஊதிவிட்டது, எச்சமும் அதன் பக்கம் சாய்ந்தது. முன்னணியில் நிற்பவருக்கு இது 22 மாவட்டங்களில் திரும்பத் திரும்ப நடந்தால், போனஸ் ஆசனங்களும் அதோடு சேர்ந்தால், 61.56 வீதத்துக்கு நாடு முழுவதையும் ஒரே மாவட்டமாக எண்ணியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய 139 ஆசனத்துக்குப் பதிலாக 159 கிடைக்கும். இது விகிதாசாரம்தான், ஆனால் மாவட்டம் மாவட்டமாகத் துண்டாடிய விகிதாசாரம். ஸ்லைடில் ஒரு வரியாக இருப்பது நுணுகிப் பார்த்தால் மூன்று நான்கு விதிகளின் கூட்டு. ஒவ்வொரு விதிக்கும் தனித்தனி விளைவு.

ஒரு நியாயத்தை மறைக்கக்கூடாது. இதே வாக்குகள் பழைய தொகுதி முறையில் விழுந்திருந்தால் தேசிய மக்கள் சக்தி எதிர்க்கட்சியையே துடைத்தெறிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆகவே விகிதாசாரத்தைக் கைவிடச் சொல்பவர்களோடு நான் சேரவில்லை. "எங்கட ஊருக்கென்று ஒரு எம்.பி. இருந்த காலம்" என்று பழையதை ஏங்குவோருக்கும் ஒரு வார்த்தை: அந்தக் காலத்தில்கூடத் தொகுதிக்கு ஒருவர் என்பது எல்லா இடத்திலும் இல்லை. பக்கத்து ஹாரிஸ்பத்துவ 1977இல் இரட்டை அங்கத்தவர் தொகுதி. அக்குறணையின் ஏ.சி.எஸ். ஹமீது அங்கிருந்துதான் பாராளுமன்றம் போனார். சிதறி வாழும் மக்களுக்காக அன்றே தொகுதி முறையை வளைக்க வேண்டியிருந்தது.

இனி அந்த மூன்று வட்டங்களுக்கு வருவோம். நமது அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரை நீதி அதிகாரத்தைப் பாராளுமன்றம் நீதிமன்றங்கள் ஊடாகப் பிரயோகிக்கும் என்றுதான் சொல்கிறது. அமைச்சர்கள் எல்லோரும் பாராளுமன்ற உறுப்பினர்கள். வட்டங்கள் காகிதத்திலேயே ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அப்படியிருக்க, ஜனாதிபதியை யார் தடுத்து நிறுத்துவது என்ற கேள்விக்குப் பதில் சபையில் யாரிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. வலுவேறாக்க ஸ்லைடும் தேர்தல் முறை ஸ்லைடும் ஒட்டிக்கொள்ளும் இடம் இது.

2010 செப்டம்பர் 8ஆம் திகதி 18ஆவது திருத்தம் 161 வாக்குகளால் நிறைவேறியது. ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற வரம்பு போனது. ஆணைக்குழுக்களுக்கு ஆள் நியமிக்கும் அதிகாரம் ஜனாதிபதியின் கைக்குப் போனது. ஆளுங்கட்சிக்கு இருந்தது 144. மிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. கண்டியில் யானைச் சின்னத்தில் வென்ற ரவூப் ஹக்கீமும் அவருடைய கட்சியினரும் அதில் அடக்கம். அதே சபை 2013 ஜனவரி 11ஆம் திகதி, பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப்பிரேரணையை 155க்கு 49 என்று நிறைவேற்றியது. அவரை விசாரித்த தெரிவுக்குழுவின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்குச் சில நாள் முன்னர்தான் இரத்துச் செய்திருந்தது. சபை அதைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் வட்டம் இரண்டு நாளில் காலியானது. பலமான அரசாங்கம் தேவை என்பவர்கள் இந்த இரண்டு நாளையும் ஸ்லைடில் போடட்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. ஆணைக்குழுக்களைச் சுயாதீனமாக்கிய 17ஆவது திருத்தம் 2001இல் வந்தபோது ஆளுங்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை, மக்கள் விடுதலை முன்னணியின் தயவில் இருந்தது. 19ஆவது திருத்தம் 2015 ஏப்ரலில் வந்தபோது ஆட்சியில் இருந்தது சிறுபான்மை அரசாங்கம். அதற்கு விழுந்தது 215 வாக்கு. அதாவது 18க்குக் கையுயர்த்திய அதே சபைதான் 19க்கும் கையுயர்த்தியது. ஆசனக் கணக்கு மாறவில்லை, ஆசனங்களை ஒரு கையில் பிடித்திருந்த பிடி தளர்ந்திருந்தது. 2020இல் 20ஆவது திருத்தத்துக்கு 156 கொடுத்த சபை, ஆளுங்கட்சி உடைந்த பிறகு 2022 ஒக்டோபரில் 21ஆவதுக்கு 179 கொடுத்ததும் இப்படித்தான்.

தொங்கு பாராளுமன்றத்தைச் சாபம் என்போர் 2018ஐ மட்டும் ஆற அமரப் பார்க்கவேண்டும். ஒக்டோபர் 26இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கி மகிந்த ராஜபக்ஷவை அமர்த்தினார். நவம்பர் 9இல் சபையைக் கலைத்தார். எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத அந்தச் சபை, கலைப்புக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் நவம்பர் 14இல் கூடி, மிளகாய்த்தூளும் நாற்காலியும் பறந்த நாட்களையும் தாண்டி, புதிய பிரதமரை ஏற்க மறுத்துக்கொண்டே இருந்தது. டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஒருமித்து, நான்கரை ஆண்டுக்கு முன் கலைத்தது செல்லாது என்றார்கள். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் 19ஆவது திருத்தம், அதாவது ஒரு பலவீனமான அரசாங்கம் விட்டுச்சென்றது. மூன்று துறைகளும் புத்தகத்தில் எழுதியபடி ஒன்றையொன்று தடுத்ததை என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக வேறெப்போதும் கண்டதில்லை.

அடுத்த முறை அந்த ஸ்லைடைக் காட்டுபவர் வலப்பக்கக் கட்டத்தில் "பலவீனமான அரசாங்கம்" என்ற வரியை அடித்துவிட்டு, கீழே 144, 145, 159 என்று எழுதட்டும். பக்கத்தில் 161, 155, 156 என்று எழுதி, அந்த எண்ணிக்கை ஒவ்வொன்றும் எந்த வட்டத்தின் மேல் விழுந்தது என்று பிள்ளைகளிடம் கேட்கட்டும். 2024இன் 159க்கு எதிரே எழுத வேண்டிய எண் இன்னும் வரவில்லை.