பாதுகாப்பான எழுத்து எது?

‘கோஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லாட்டத்தை எங்கள் ஆய்வு மாணவர் விடுதியில் தமிழில் ஆடுகிறோம். இருவர் மாறிமாறி ஓர் எழுத்தைச் சேர்க்க வேண்டும். மெய்யெழுத்தும் ஓர் எழுத்தே. சேர்க்கும் தொடர் ஏதேனும் ஒரு சொல்லின் தொடக்கமாக இருக்க வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ எழுத்துகள் கொண்ட சொல்லை முடிப்பவர் தோற்பார்.

சொல்லை முடிக்காத எழுத்தெல்லாம் பாதுகாப்பானது என்பது பொதுவான எண்ணம். அது பிழை என்பதே என் கருத்து. நேற்றைய ஆட்டத்தைப் பாருங்கள். நான் ‘அ’ என்றேன். நண்பர் ‘ர’ என்றார். ‘சு’ சேர்த்தால் ‘அரசு’ முடிந்துவிடும். எனவே ‘க்’ சேர்த்தேன். அவர் ‘அரக்கு’, ‘அரக்கி’ இரண்டையும் தவிர்த்து ‘க’ சேர்த்தார். இனி ‘ன்’ சேர்த்தால் ‘அரக்கன்’, நான் தோற்பேன். ‘அரக்கப்பரக்க’ நினைவுக்கு வர, ‘ப்’ என்றேன். அது ஒன்பது எழுத்துச் சொல். ஒற்றைப்படை எழுத்துகள் முதலில் தொடங்கியவருக்கே வருவதால், அதையும் நானே முடித்துத் தோற்றேன்.

‘த்’ சேர்த்திருந்தால்? ‘அரக்கத்தனம்’ எட்டெழுத்து, இறுதி ‘ம்’ அவருடையது. ஆகவே, முதல் ஆட்டக்காரர் இரட்டைப்படைச் சொல்லையும் இரண்டாமவர் ஒற்றைப்படைச் சொல்லையும் நாட வேண்டும்.

ஆனால் ‘தனம்’ போன்ற விகுதி சேர்ந்த சொற்கள் செல்லுமா? அந்த ஒரு விடையே இங்கு வெற்றியைத் தோல்வியாக மாற்றும். எனவே எந்த அகராதி, எந்தத் தலைச்சொற்கள் என்பதை முதல் எழுத்துக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.