மாதர் பகுதி: நரைக்கேற்ற நிறம் எது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தில்லி கரோல் பாக்கில் வசிக்கும் சகோதரி ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். அவருக்கு வயது 48. கணவரின் உடல்நலம் குன்றியதால், பதினோர் ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உத்தியோகத்தை நாட வேண்டிய நிலை. பள்ளிக்கூடமொன்றின் கணக்குப் பிரிவிலிருந்து நேர்முகப் பேட்டிக்கு அழைப்பு வந்திருந்தது. இன்னும் பன்னிரண்டு நாட்களே இருந்தன. உடையிலும் தோற்றத்திலும் அடக்கத்தை எதிர்பார்க்கும் பழைமையான நிர்வாகம் அது.

"அக்கா, நரைத்ததற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் நான் பேசுவதற்கு முன்னால் என் தலை பேசிவிடக் கூடாது. சாயம் பூசிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றும் யாரும் நினைக்கக் கூடாது" என்றார்.

மகள் கையில் ஒரு சாயப் பெட்டி இருந்தது. அட்டைப்படத்தில் ஒரு பெண்ணின் கூந்தல் அழகிய பழுப்பு நிறத்தில் மின்னியது. பெட்டியின் மீது 5 என்ற எண். "அப்பா பூசிக்கொள்ளும் கறுப்பு, தொப்பி வைத்தாற்போல் தெரிகிறது பெரியம்மா. அதனால்தான் பழுப்பு வாங்கினேன்" என்றாள்.

கறுப்பைப் பற்றி அவள் சொன்னது சரியே. இயற்கையான கேசத்தில் எல்லா இழைகளும் ஒரே நிறமாக இருப்பதில்லை. நெற்றியோரத்து இழைகள் சற்று வெளிறியும், உச்சியில் உள்ளவை அடர்ந்தும் இருக்கும். அட்டைக் கறுப்புச் சாயம் அத்தனையையும் ஒரே மையாக்கிவிடுகிறது. வேர் வளரும்போது வெள்ளைக் கோடும் பளிச்சென்று தெரிகிறது. ஆகவே பழுப்பே நல்லது. ஆயினும் எந்தப் பழுப்பு என்பதில்தான் பலர் தவறிவிடுகிறோம்.

சாய எண்களில் 1 என்பது கறுப்பு. எண் ஏற ஏற நிறம் வெளுக்கும். பல கம்பெனிகளில் 3 அடர்பழுப்பு, 4 பழுப்பு, 5 இளம்பழுப்பு. சிலரது வரிசையில் ஓர் எண் முன்பின்னாக இருக்கலாம். நம்மவரின் நரைக்காத முடி பெரும்பாலும் 1 முதல் 3 வரையிலான நிறம். அதன் மேல் 5ஐப் பூசினாலும் நிழலில் வேற்றுமை தெரியாது. ஆனால் வெள்ளை இழையோ, வெள்ளைத் துணியைப் போல், பூசிய நிறத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஆகவே சாயத்தைத் தேர்ந்தெடுப்பது கறுத்த முடிக்காக அல்ல; நரைத்த முடிக்காகவே. நரைத்த இழை, பக்கத்தில் உள்ள இழையோடு ஒன்றிப்போக வேண்டும். இதை மனத்திற்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாதம் செய்வதைவிடப் பார்த்துவிடுவது மேல் என்று, சகோதரியின் சீப்பில் உதிர்ந்த முடிகளைச் சேர்க்கச் சொன்னேன். வெள்ளையும் கறுப்பும் கலந்து மூன்று சிறு கற்றைகளாக நூலால் கட்டினோம். ஒன்றுக்கு 5, ஒன்றுக்கு 4, ஒன்றுக்கு 3. மற்ற இரு எண்களும் சிறு உறைகளாகக் கடையில் கிடைத்தன. குறிப்புத்தாளில் கண்ட அளவில் கலந்து பூசி, அதில் சொன்ன நேரம் வைத்திருந்து, அலசி நன்றாக உலர்த்தினோம். ஈரமுடி எப்போதும் ஒரு படி கறுத்தே தோன்றும், அதை நம்பலாகாது.

விளக்கின் கீழ் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரிந்தன. மறுநாள் காலை சன்னலோரம் கொண்டு சென்றபோது உண்மை வெளிப்பட்டது. 5இல் வெள்ளை இழைகள் தேங்காய் நார் போல் செம்பட்டையாகத் தனித்து நின்றன. 4இல் கற்றை கோடு கோடாகத் தெரிந்தது. 3இல் மட்டும் எது நரைத்தது, எது நரைக்காதது என்று சொல்ல முடியவில்லை. மகள் தன் பெட்டியைத் தானே ஒதுக்கி வைத்தாள்.

செம்பட்டை ஏன் வருகிறது? நிரந்தரச் சாயத்தோடு கலக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைட், முடியின் சொந்தக் கருமையைச் சிறிது கரைத்துவிடுகிறது. அப்போது அடியில் உள்ள செம்மை வெளியே வருகிறது. நாளடைவில் சாயம் மங்கும்போது அது மேலும் தெரியும். ஆகவே சாயத்திலேயே செம்மை இருந்தால் இரட்டிப்பாகிவிடும். எண்ணுக்குப் பின் புள்ளியிட்டு இன்னோர் எண் இருந்தால் அதைக் கவனியுங்கள். பல கம்பெனிகளில் 3 பொன் சாயல். 4, 5 செம்மைச் சாயல். பொன், செம்பு, மஹாகனி, பர்கண்டி என்ற பெயர்கள் இருந்தாலும் வேண்டாம். இயற்கை அடர்பழுப்பு என்று மட்டும் இருப்பதே நமக்குத் தக்கது. சாம்பல் சாயல் செம்மையை அடக்கும். ஆயினும் பாதிக்கு மேல் நரைத்த தலையில் அது உயிரற்று மங்கித் தோன்றக்கூடும்.

நிறம் முடிவானவுடன் பூசிவிடவில்லை. இவ்வகைச் சாயங்கள் பலவற்றில் பிபிடி என்ற இரசாயனம் உண்டு. சிலருக்கு அது கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். முன்பு ஒத்துக்கொண்டவருக்கும் பின்னொரு நாள் வரலாம். குறிப்புத்தாளில் கண்டபடி காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பொறுத்தோம். அரிப்போ, சிவப்போ, வீக்கமோ தோன்றியிருந்தால் நரையோடுதான் பேட்டிக்குப் போயிருக்க வேண்டும். 'கறுப்பு மருதாணி' என்று விற்கப்படும் பொடிகளிலும் இதே இரசாயனம் இருப்பதுண்டு என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

பேட்டிக்கு ஆறு நாள் முன்னதாகச் சாயம் பூசினோம். நெற்றியில் படிந்த கறை மறையவும், இரண்டு முறை தலைகுளித்து நிறம் அமையவும், தவறினால் திருத்தவும் அவகாசம் வேண்டுமல்லவா? முதல் நாளே எண்ணெயைப் போக்கிவிட்டு, நெற்றியோரத்துத் தோலில் மட்டும் வாஸலின் தடவினோம். நரை அடர்ந்த காதோரத்திலும் வகிட்டிலும் முதலில் பூசினோம். அங்குள்ள முரட்டு இழைகளில் சாயம் மெதுவாகவே ஏறும். நரையில்லாத நுனிக்கூந்தலைத் தொடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் முழுக்கூந்தலுக்கும் பூசினால் நிறம் மேலும் மேலும் படிந்து, பழுப்பும் கறுப்பாகிவிடும். புருவத்திற்கு இச்சாயத்தைப் பூசவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து.

ஏற்கெனவே பல்லாண்டு கறுப்புப் பூசிவருவோருக்கு ஒரு வார்த்தை. சாயத்தின் மேல் பூசும் சாயம் நிறத்தை வெளுக்கச் செய்யாது. புதிதாக வளரும் வேருக்கு மட்டும் அடர்பழுப்பைப் பூசி, பழைய கறுப்பு நுனியைச் சிறிது சிறிதாக வெட்டி வருவதே வழி. பேட்டிக்கு ஒரு வாரம் முன்பு இந்த மாற்றத்தைத் தொடங்க வேண்டாம்.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே நான்கு வாரங்களில் வகிட்டில் வெள்ளை தலைகாட்டும். அடர்பழுப்பில் அது கறுப்பில் தெரியுமளவு உறுத்தாது.

பேட்டி முடிந்த மாலை அச்சகோதரி வந்தார். "பேரேட்டைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார்கள் அக்கா. என் தலையை ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை" என்றார். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் சாயம் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். அதை அது செய்துவிட்டது.